ஆடும் நாற்காலிக்கு எந்தப் பசை?

சயானில் எங்கள் வீட்டு உணவு மேசையைச் சுற்றி ஆறு தேக்கு நாற்காலிகள் உண்டு. என் பெற்றோர் முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் வாங்கியவை. அவற்றுள் ஒன்று கடந்த சில மழைக்காலங்களாகவே ஆடிக்கொண்டிருந்தது. முதல்முறை ஆடியபோது நானே இணைப்பில் வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். ஆறு மாதம் தாங்கியது. இரண்டாம் முறை, தெருவோரத்தில் பழுதுபார்க்க வந்த ஒருவர் ரப்பர் பசையை இடுக்கில் திணித்து, மேலே ஓர் ஆணியையும் அடித்துவிட்டுப் போனார். அது மூன்று மாதம் தாங்கியது. சென்ற ஆடி மாதத்தில், எழுபத்தெட்டு வயதான என் தாயார் அதில் அமர்ந்து பின்னால் சாய்ந்தபோது பின்காலும் பக்கச் சட்டமும் பிரிந்து விலகின. சுவர் அருகில் இருந்ததால் அவர் தரையில் விழவில்லை. அதன் பிறகுதான், பசை என்பது கடையில் கையில் கிடைத்ததை வாங்கும் பொருளன்று என்பது எனக்கு உறைத்தது.

தாராவியில் அறுபதடிச் சாலைக்கு உள்ளே பட்டறை வைத்திருக்கும் முதிய தச்சர் ஒருவரிடம் நாற்காலியைக் கொண்டு சென்றேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சிறுவயதிலேயே மும்பைக்கு வந்தவர். நான் பசையைப் பற்றிக் கேட்கக் கேட்க, அவர் பசையைப் பற்றிப் பேசாமல், பிரிந்த சட்டத்தின் முனையை எடுத்து மீண்டும் துளைக்குள் செருகி, நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பினார். சட்டம் தானாகவே நழுவிக் கீழே விழுந்தது.

“பாத்தியளா சார், இதுல பசை விட்டுப்போகல. மரந்தான் மரத்தை விட்டுப்போயிருக்கு. எந்தப் பசைன்னு அப்புறம் பேசுவோம், எவ்வளவு இடைவெளின்னு மொதல்ல பாப்போம்” என்றார்.

“அப்போ அண்ணாச்சி, விலை கூடுன பசையா வாங்கணுமோ?” என்று கேட்டேன்.

“விலையில ஒண்ணுமில்ல சார்” என்று சிரித்தார்.

அறைகலன் பழுதுபார்ப்பில் மூன்று வகைப் பசைகளே பெரும்பாலும் புழங்குகின்றன: தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை, இரண்டு குழாய்களிலிருந்து எடுத்துக் கலக்கும் எபாக்சி, சன்மைக்காவும் தோலும் ஒட்டப் பயன்படும் ரப்பர் பசை. இவற்றில் எது ‘வலிமையானது’ என்று கேட்பதே பலரின் வழக்கம். உண்மையில் நன்கு பொருந்திய மரத்தில் வெள்ளைப் பசையும் எபாக்சியும் ஏறத்தாழ ஒன்றுபோலவே நிற்கும். இழுத்து உடைத்தால் பசைக்கு முன்னர் மரமே கிழியும். இரண்டுக்கும் வேறுபாடு தெரிவது, மரங்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும்போதுதான். ஆகவே எந்தப் பசை என்ற வினாவுக்கு விடை, அந்தப் பசை எவ்வாறு இறுகுகிறது என்பதிலேயே அடங்கியிருக்கிறது.

வெள்ளைப் பசையிலிருந்து தொடங்குவோம். நம் நாட்டில் இதற்கு ஃபெவிகால் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பல்வந்த் பாரேக் மும்பையில் தொடங்கிய நிறுவனம் 1959-ஆம் ஆண்டில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னர் தச்சர்கள் விலங்குத் தோல், எலும்பு ஆகியவற்றைக் காய்ச்சி எடுத்த வச்சிரத்தையே அடுப்பில் சுடவைத்துத் தடவினர். சூடாக இருக்கும்போதே வேலையை முடித்தாக வேண்டும். பட்டறையில் நாற்றமும் நீங்காது. குளிர்ந்த நிலையிலேயே பூசக்கூடிய வெள்ளைப் பசை வந்தவுடன் வச்சிரச் சட்டி பட்டறைகளை விட்டு மெல்ல வெளியேறியது.

வெள்ளைப் பசை என்பது நீரில் மிதக்கும் மிகச் சிறிய பிசின் துகள்கள். அதன் எடையில் ஏறத்தாழப் பாதி நீரே. தடவியவுடன் நீரை மரம் உறிஞ்சிக்கொள்கிறது. துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று கூடி, மெல்லிய படலமாகின்றன. அந்தப் படலம் மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கிப் பற்றிக்கொள்கிறது. இங்கேதான் அதன் வலிமையும் வரம்பும் ஒருங்கே இருக்கின்றன. இரண்டு மரப்பரப்புகள் நன்கு ஒட்டி, நடுவே ஒரு தாளின் கனத்துக்கும் குறைவான பசையே இருந்தால், நீர் வெளியேறிய பின்னரும் படலம் முழுமையாக நிற்கும். இடைவெளி பெரிதாக இருந்து அதனைப் பசையால் நிரப்பினாலோ, நீர் போனதும் பசை சுருங்குகிறது; உள்ளே வெற்றிடங்களும் வெடிப்புகளும் தோன்றுகின்றன. வெளியே பார்த்தால் பசை நிறைந்திருப்பது போலவே இருக்கும். உள்ளே அது பாதி காலி. நான் முதல்முறை சொட்டுச் சொட்டாக ஊற்றியது இப்படித்தான் வீணாயிற்று.

எனவே முதல் வேலை இடைவெளியை அளப்பது. இதற்குத் தனிக் கருவி வேண்டியதில்லை. அச்சுப்பொறியில் பயன்படும் சாதாரணத் தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். முகவரி அட்டை ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். வங்கி வழங்கும் ஏடிஎம் அட்டையின் கனம் உலகெங்கும் ஒரே தரத்தில், 0.76 மில்லிமீட்டர், காலாவதியான அட்டை ஒன்றை, அதன் சில்லையும் எண்களையும் வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சிய துண்டை இந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். பசை எதுவும் தடவாமல் சட்டத்தைத் துளையில் செருகி, பக்கவாட்டு இடுக்கில் இவற்றை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்க்க வேண்டும். தாள் நுழையவில்லை, அல்லது இறுக்கமாகவே நுழைகிறது என்றால் வெள்ளைப் பசை போதும். முகவரி அட்டை நுழைந்தால் வெள்ளைப் பசையை மட்டும் நம்பக்கூடாது. ஒன்று மரத்தை ஒட்டிக் கனமாக்க வேண்டும், அல்லது எபாக்சிக்குச் செல்ல வேண்டும். ஏடிஎம் அட்டையே தாராளமாக நுழைந்தால், எந்தப் பசையும் தனியாக அந்த வேலையைச் செய்ய விடக்கூடாது; மரத்தால்தான் இடைவெளியை நிரப்ப வேண்டும்.

நாற்காலிக்கு இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று தோன்றலாம். ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். எங்கள் நாற்காலியில் பக்கச் சட்டத்தின் முனையில் செதுக்கப்பட்ட நாக்கு 5 செ.மீ. அகலமும் 3 செ.மீ. நீளமும் கொண்டது. அது பின்காலின் துளைக்குள் செல்கிறது. இரண்டு பக்கப் பரப்பையும் சேர்த்தால் 30 சதுர செ.மீ.; ஏறத்தாழ ஒரு தீப்பெட்டியின் மேற்புறத்தைப் போல இரண்டு மடங்கு. ஒருவர் பின்னால் சாயும்போது, முதுகுச் சாய்வில் சட்டத்துக்கு 45 செ.மீ. மேலே 25 கிலோ எடைக்குச் சமமான தள்ளல் விழுவதாகக் கொள்வோம். இது நெம்புகோல்போலச் செயல்பட்டு, காலைச் சட்டத்திலிருந்து பெயர்க்கப் பார்க்கிறது. 45-ஐ 25-ஆல் பெருக்கினால் 1125. இடது, வலது என இரண்டு இணைப்புகள் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றுக்கும் 560-க்கு மேல். நாக்கின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் இடையே பயன்படும் தூரம் 4 செ.மீ. அளவே. 560-ஐ 4-ஆல் வகுத்தால் 140 கிலோ. சாய்ந்தவர் அறியாமலேயே, ஒவ்வொரு முறை சாயும்போதும், நாக்கின் ஒரு விளிம்பை 140 கிலோ எடை இழுப்பதற்குச் சமமான விசை அங்கே பிறக்கிறது. நன்கு பொருந்திய தேக்கு இணைப்பு இதைத் தாங்கும். பொருந்தாத இணைப்பில் இந்த விசை முழுவதும் பசையின் ஒரு சிறு பகுதியின்மீது மட்டும் விழுந்து, அங்கிருந்து கிழியத் தொடங்கும்.

சரி, ஒருகாலத்தில் இறுக்கமாக இருந்த இணைப்பு ஏன் தளர்ந்தது? மும்பையின் மழைக்காலமே இதற்குப் பெரிய காரணம். காற்றின் ஈரப்பதம் ஏறும்போது மரம் ஈரத்தை உறிஞ்சி அகலவாக்கில் வீங்குகிறது. பனிக்காலத்தில் மறுபடியும் சுருங்குகிறது. நீளவாக்கில் இந்த மாற்றம் மிகமிகக் குறைவு. தேக்கு நிதானமான மரந்தான். எனினும் 6 செ.மீ. அகலச் சட்டம் ஒன்று கோடைக்கும் ஆவணிக்கும் இடையே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் வரை அகலம் மாறக்கூடும். சட்டம் அகலவாக்கில் வீங்க முயல்கிறது. அது செருகியிருக்கும் காலின் மரமோ, அதே திசையில் நீளவாக்கில் இருப்பதால், அசைவதில்லை. நடுவில் சிக்கிய பசை ஆண்டுதோறும் இருபுறமும் இழுபடுகிறது. நாக்கின் மரநார்களும் நசுங்கி நிரந்தரமாகச் சற்று மெலிந்துவிடுகின்றன. இருபது முப்பது மழைக்காலங்கள் கடந்த நாற்காலி ஆடுவது வியப்பன்று.

இனி ரப்பர் பசை. நம் பகுதியினருக்கு இதனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சயான்–பாந்திரா இணைப்புச் சாலையில் வரிசையாக இருக்கும் தோல் பொருள் கடைகளுக்குப் பின்னால், தாராவியின் பட்டறைகளில் பைகளும் காலணிகளும் உருவாகும் இடங்களில், காற்றோடு கலந்திருக்கும் அந்த மணமே இதன் அடையாளம். ‘சொல்யூஷன்’ என்று அங்கே சொல்வார்கள். கரைப்பானில் கரைத்த செயற்கை ரப்பர் இது. இரண்டு பரப்புகளிலும் தடவி, கரைப்பான் ஆவியாகி, விரலில் ஒட்டாத நிலை வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, பிறகு ஒன்றன்மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் அந்தக் கணமே பிடித்துக்கொள்ளும். கிளாம்ப் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. தோலையும் துணியையும் நுரை மெத்தையையும் கிளாம்ப் போட்டு இறுக்க இயலாது. ஆகவே அவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான பசை இல்லை. சன்மைக்காவின் விளிம்புப் பட்டைக்கும் வளைந்த பரப்புக்கும்கூட இதுவே ஏற்றது.

ஆனால் அது ரப்பர் என்பதை மறக்கலாகாது. இறுகிய பின்னரும் அது இழுபடும் தன்மையை இழப்பதில்லை. ஒரு மேசையின் மேற்பரப்பில் ஒட்டிய சன்மைக்காவில் ஆயிரக்கணக்கான சதுர சென்டிமீட்டர் பரப்பு பசையில் இருக்கிறது; அதன்மீது விழும் விசையோ மிகச் சிறிது. அங்கே அது பல்லாண்டு நிற்கும். நாற்காலி இணைப்பிலோ 30 சதுர செ.மீ. பரப்பில், மேலே கண்ட 140 கிலோ. அந்த விசையில் ரப்பர் உடைவதில்லை; மெல்ல மெல்ல நகர்ந்துகொடுக்கிறது. முதல் நாள் உறுதியாகத் தோன்றிய நாற்காலி, மூன்றாம் மாதம் ஒவ்வொரு சாய்விலும் சிறிது சிறிதாக விலகுவது இதனால்தான். வெயில் விழும் சன்னலருகில் இருந்தால் விரைவிலேயே இளகும். மேலும், இடுக்கில் திணித்த ரப்பர் பசையின் உட்பகுதியில் கரைப்பான் வெளியேற வழியின்றி நாள்கணக்கில் ஈரமாகவே தங்கிவிடுகிறது. எங்கள் நாற்காலியின் துளையை உளியால் சுரண்டியபோது, மூன்று மாதத்திற்குப் பிறகும் உள்ளே பசை பிசுபிசுவென்றே இருந்தது.

இதன் தீமை அத்துடன் முடிவதில்லை. ரப்பர் படிந்த மரத்தில் வேறெந்தப் பசையும் பிடிக்காது. அடுத்த பழுதுபார்ப்புக்கு முன் அதனை முழுவதும் சுரண்டி, தின்னர் நனைத்த துணியால் துடைத்து எடுக்க வேண்டும். தின்னரும் இந்தப் பசையும் எளிதில் தீப்பற்றுபவை. சன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்திலேயே இந்த வேலையைச் செய்ய வேண்டும். ஆணியைப் பற்றித் தனியே சொல்ல ஒன்றுமில்லை. அது நாக்கைப் பிளந்திருந்தது.

எபாக்சியின் இயல்பு இந்த இரண்டிலிருந்தும் வேறானது. ஒரு குழாயில் பிசினும் மற்றொன்றில் கெட்டியாக்கியும் இருக்கின்றன. இரண்டையும் கலந்ததும் அவை வேதிவினை புரிந்து கெட்டியாகின்றன. சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் 1940-களில் வணிகத்துக்குக் கொண்டுவந்த அரால்டைட், இன்றும் நம் வன்பொருள் கடைகளில் இந்த வகைக்கே பெயராக வழங்குகிறது. இதில் நீரோ கரைப்பானோ ஆவியாக வேண்டியதில்லை. ஆகவே ஊற்றிய அளவு அப்படியே நிற்கிறது. சுருக்கம் மிகக் குறைவு. இடைவெளியை நிரப்பிக்கொண்டே வலிமையும் தரக்கூடியது மூன்றிலும் இது ஒன்றுதான். துளையின் சுவர் உடைந்து மரம் இல்லாமற்போன இடத்திலும், உளுத்துப்போன முனையிலும், மரத்தோடு உலோகம் சேரும் இடத்திலும் எபாக்சியே கைகொடுக்கும். நீரும் அதனை எளிதில் கரைக்காது.

ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைக் கண்டு மயங்க வேண்டாம். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் மரத்தின் நுண்துளைகளில் இறங்க அதற்கு நேரமில்லை, ஈரத்தையும் மெதுவான வகையைப் போல அது தாங்காது. எடை சுமக்கும் இணைப்புக்கு, முழு வலிமை அடைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் வகையையே வாங்க வேண்டும். பொதியில் எழுதியுள்ள விகிதப்படி இரண்டையும் எடுத்து, பீங்கான் தட்டில் வைத்து, நிறம் முழுவதும் ஒன்றாகும்வரை இரண்டு மூன்று நிமிடம் விடாமல் கலக்க வேண்டும். ‘சீக்கிரம் இறுகட்டும்’ என்று கெட்டியாக்கியைக் கூடுதலாகச் சேர்ப்பது பலர் செய்யும் தவறு. வினைக்கு இணை கிடைக்காத மிச்சம் உள்ளேயே தங்கி, பசை என்றென்றும் ரப்பர்போல மிருதுவாக நின்றுவிடும். மறுநாள் விரல்நகத்தால் அழுத்திப் பார்த்தால் தெரியும்: சரியாகக் கலந்ததில் நகம் பதியாது, தவறிக் கலந்ததில் தடம் விழும். அப்படியானால் சுரண்டி எடுத்து மீண்டும் தொடங்குவதைத் தவிர வழியில்லை. இறுகாத எபாக்சி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால் கையுறை கட்டாயம்.

எபாக்சியைக் கிளாம்ப் போட்டு நசுக்கவும் கூடாது. வெள்ளைப் பசைக்கு அழுத்தம் நன்மை. எபாக்சியை இறுக்கிப் பிழிந்தால் நடுவில் பசையே மிஞ்சாமல் இணைப்பு பட்டினி கிடக்கும். அசையாமல் பிடித்துவைத்தால் போதும்.

இவ்வளவு நற்குணங்கள் உள்ள எபாக்சியை எல்லா இணைப்புகளுக்கும் பயன்படுத்திவிடலாமே என்று நானும் கேட்டேன். தச்சர் தலையசைத்து மறுத்தார். வெள்ளைப் பசையில் சேர்ந்த இணைப்பைச் சூடான வினிகரால் இளக்கிப் பிரிக்கலாம். எபாக்சியில் சேர்ந்ததைப் பிரிக்க வேண்டுமானால் பெரும்பாலும் மரத்தைத்தான் வெட்ட வேண்டியிருக்கும். நாற்காலியின் கால் ஒன்று நாளை உடைந்தால், அடுத்த தலைமுறையின் தச்சர் அதைக் கழற்றியாக வேண்டும். எனவே மரம் மரத்தைத் தொடும் இடத்தில் வெள்ளைப் பசை, மரமே இல்லாத இடத்தில் மட்டும் எபாக்சி என்பது அவர் வழக்கம். நான் பின்னர் பார்த்த வேறு தச்சர்களில் சிலர் எல்லாவற்றுக்கும் எபாக்சியே பூசுகிறார்கள். வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார் என்பதில் அவர்களுக்கு நம்பிக்கை. எனக்கு முதியவரின் முறையே சரியாகப் படுகிறது.

எங்கள் நாற்காலியில் தளர்ந்திருந்த இணைப்புகள் நான்கு. உறுதியாக இருந்தவற்றை அவர் தொடவில்லை. தளர்ந்த ஒவ்வொன்றிலும் காகித ஒட்டுப்பட்டையில் எண் எழுதி ஒட்டிவிட்டு, துணி சுற்றிய கொட்டாப்புளியால் தட்டித் தட்டிப் பிரித்தார். பிறகு பழைய பசையை அகற்றும் வேலை. இதுவே மொத்த வேலையில் பாதிக்கு மேல் நேரம் எடுத்தது. வெள்ளைப் பசை, இறுகிப்போன பழைய வெள்ளைப் பசையின்மீது பிடிக்காது. அதற்கு மரத்தின் திறந்த நுண்துளைகள் வேண்டும். சூடான வினிகரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்து, பசை வெண்மையாகி இளகியதும், உளியின் விளிம்பைச் செங்குத்தாகப் பிடித்து மரத்தை வெட்டாமல் சுரண்டினார். வெட்டினால் இடைவெளி இன்னும் பெருகும் அல்லவா? சுத்தமாகிவிட்டதா என்று அறிய, ஒரு சொட்டு நீர் வைத்துப் பார்த்தார். நீர் பரவி மரத்துக்குள் இறங்கினால் பசை போய்விட்டது; முத்தாகத் திரண்டு நின்றால் படலம் இன்னும் இருக்கிறது. பின்னர் இரண்டு நாள் மின்விசிறியின்கீழ் உலர விட்டார். தேக்கில் இயற்கையான எண்ணெய்ப்பசை உண்டு. எனவே பூசுவதற்குச் சற்று முன்னர் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துப் புதுப் பரப்பை எடுத்துக்கொண்டார்.

முன்பக்க இணைப்புகள் இரண்டிலும் தாள் இறுக்கமாகவே நுழைந்தது. அங்கே வெள்ளைப் பசை மட்டும்; நாக்கிலும் துளையின் சுவரிலும் தூரிகையால் மெல்லிய பூச்சு. மூன்றாவதில் முகவரி அட்டையும் அதனுடன் இன்னொரு அட்டையும் நுழைந்தன. அதாவது மொத்த இடைவெளி ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட கனமுள்ள தேக்கு வெனீரில் இரண்டு துண்டுகள் நறுக்கி, நாரின் திசை நாக்கின் நாரோடு ஒன்றாகும்படி, நாக்கின் இருபுறமும் வெள்ளைப் பசையால் ஒட்டினார். ஒருபுறம் மட்டும் ஒட்டினால் சட்டம் நடுவிலிருந்து விலகி, நாற்காலி கோணலாகும். மறுநாள் அதனை உப்புத்தாளால் சிறிது சிறிதாகத் தேய்த்து, கையால் அழுத்தினால் உள்ளே செல்லும், தலைகீழாகத் திருப்பினால் விழாது என்ற நிலைக்குக் கொண்டுவந்தார். சுத்தியலால் அடித்தால்தான் போகும் என்ற அளவுக்கு இறுக்கமாக இருப்பதும் தவறே. உள்ளே போகும்போதே பசை முழுவதும் வழிக்கப்பட்டுவிடும், கால் பிளக்கவும் கூடும்.

நான்காவதுதான் ஆணி அடிக்கப்பட்ட இணைப்பு. நாக்கின் ஒரு மூலை உடைந்து போயிருந்தது. துளையின் உட்சுவரும் பெயர்ந்திருந்தது. அங்கே வெனீர் ஒட்டச் சமமான பரப்பே இல்லை. எபாக்சியைக் கலந்து, முதலில் அப்படியே இரண்டு பரப்புகளிலும் தடவி, மரம் குடிக்கும்வரை சில நிமிடம் விட்டார். மீதியில், சலித்த நுண்ணிய தேக்குத் தூளைச் சேர்த்துக் கெட்டித் தயிர் பதத்துக்குக் கொண்டுவந்து, பள்ளங்களை நிரப்பிச் சட்டத்தைச் செருகினார். தூள் சேர்ப்பதால் எபாக்சி வழிந்தோடாமல் நிற்கிறது. நிறமும் மரத்தோடு சேர்கிறது.

நான்கையும் ஒரே நாளில் சேர்த்ததில் ஒரு காரணம் இருந்தது. தனித்தனியே இறுகவிட்டால், ஒன்று சிறிது கோணலாக இறுகி மற்றவை பொருந்தாமற் போகும். பெரிய கிளாம்ப் அவரிடம் ஒன்றே இருந்தது. மறுபுறம் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவே ஒரு குச்சியைச் செருகி முறுக்கினார். வெள்ளைப் பசை இணைப்பின் விளிம்பு நெடுகச் சிறுசிறு மணிகளாகப் பசை வெளிவந்தது. அதுவே போதிய பசையும் போதிய அழுத்தமும் இருப்பதற்கு அடையாளம். எங்கேனும் மணிகள் தோன்றாவிட்டால் அங்கே பசை குறைவு. வெளிவந்ததை ஈரத்துணியால் உடனே துடைக்கவில்லை. துடைத்தால் நீர்த்த பசை சுற்றிலும் பரவி, பின்னர் பூசும் மெருகு அங்கே திட்டுத்திட்டாகத் தெரியும். அரை மணி கழித்து, அது கூழ்போல் ஆனதும் உளியால் சீவி எடுத்தார். நாற்காலியைச் சமதரையில் நிறுத்தி, நான்கு கால்களும் தரையைத் தொடுகின்றனவா என்று பார்த்து, குறுக்குமூலை அளவுகள் இரண்டும் சமமாகும்வரை கயிற்றைத் திருத்தினார்.

பொதியில் சில மணி நேரம் என்று எழுதியிருந்தாலும், மழைக்காலத்தில் வெள்ளைப் பசைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நீரை உறிஞ்ச வேண்டிய மரமே ஈரமாக இருக்கிறது. ஓரிரவு முழுவதும் கிளாம்பில் விட்டு, அதன்பிறகும் இரண்டு நாள் எவரும் அமராமல் வைத்திருக்கச் சொன்னார்.

வெள்ளத்தில் நனைந்த அறைகலனைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான அந்த வெள்ளத்தை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். சயானிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் தரைத்தள வீடுகளில் நீர் புகுவது இன்றும் புதிதன்று. சாதாரண வெள்ளைப் பசை நாள்கணக்கில் நீரில் நின்றால் மீண்டும் மென்மையாகும். அப்படி நனைந்த தேக்குச் சாமானை வெயிலில் வைத்து விரைந்து உலர்த்தினால் மரம் வெடிக்கும். நிழலில் வாரக்கணக்கில் உலரவைத்த பின்னரே பசையைப் பற்றி நினைக்க வேண்டும். நீர் புகும் வீட்டில் காலின் அடிப்பகுதி இணைப்புகளுக்கு, நீர் தாங்கும் வகை என்று குறிக்கப்பட்ட மரப்பசையை வாங்குவது நல்லது. பூசும் முறை ஒன்றே. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாலான அலமாரிகள் ஒருமுறை ஊறி உப்பிவிட்டால், மூன்று பசைகளில் எதுவும் அவற்றைக் காப்பாற்றாது. பசை பிடித்துக்கொள்வதற்கு அங்கே உறுதியான மரம் மிஞ்சுவதில்லை.

மிகப் பழைய நாற்காலிகள், குறிப்பாகத் தாத்தா காலத்தவை, வச்சிரத்தால் ஒட்டப்பட்டிருக்கலாம். இணைப்பிலிருந்து தேன்நிறத்தில் கண்ணாடித் துண்டுபோல் நொறுங்கி விழுந்தால் அதுவே. ஒரு துணுக்கை வெந்நீரில் போட்டால் இளகி விரலில் ஒட்டும். அவற்றைப் பிரிக்க வெந்நீரும் பொறுமையும் போதும். சுரண்டிச் சுத்தம் செய்தபின் வெள்ளைப் பசையே அங்கும் பொருந்தும்.

நாற்காலியைத் திருப்பித் தரும் முன்னர், தச்சர் அதைக் கவிழ்த்து, இருக்கையின் அடிப்பக்கத்தில் பென்சிலால் தேதியையும், முன்பக்கம் இரண்டும் வலப்பின்னும் வெள்ளைப் பசை, இடப்பின் எபாக்சி என்பதையும் எழுதினார். அடுத்து இதைப் பிரிக்கப்போகிறவர் எங்கே வினிகரைச் சுற்றலாம், எங்கே உளியை வைக்கக்கூடாது என்பதை அதிலிருந்து அறிந்துகொள்வார். மீதி ஐந்து நாற்காலிகளையும் நான் அன்றிரவே கவிழ்த்துத் தாளை நுழைத்துப் பார்த்தேன். இரண்டில் அது தடையின்றிச் சென்றது.